விடிகாலை மூன்று மணி வலி

"ராத்திரி மூணு மணிக்கு மேல படுக்க முடியல டாக்டர். எழுந்து மொட்டை மாடியில நடப்பேன். அரை மணி நேரம் நடந்தா கொஞ்சம் விடும். காலைல குளிச்சு வேலைக்குப் போயிட்டா, பத்து மணிக்கெல்லாம் சாதாரணமா இருப்பேன். அதனாலயே வீட்ல யாரும் நம்பல."

இருபத்தாறு வயது. பின்னலாடை நிறுவனத்தில் கட்டிங் பிரிவில் வேலை. முதுகுவலி தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் இடுப்பு பெல்ட், மருந்துச் சீட்டுகள், ஒரு பெரிய எம்ஆர்ஐ உறை. அந்த உறையில் இருந்தது கீழ்முதுகின் படம். நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை சொன்னது. "ஜவ்வு விலகியிருக்கு, மூணு வாரம் அசையாம படு" என்று யாரோ சொல்ல, அவரும் படுத்தார். வலி கூடியது.

இவரை ஓர் ஆளாகச் சொல்கிறேனே தவிர, இவர் பலர். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பல இளைஞர்களின் விவரங்களைச் சேர்த்து இந்த ஒருவரை உருவாக்கியிருக்கிறேன். வயதும் தொழிலும் மாறும். அந்த மூன்று மணி மட்டும் மாறாது.

படுத்தால் கூடுகிற, நடந்தால் குறைகிற முதுகுவலி என்பது சாதாரண முதுகுவலிக்கு நேர் எதிரானது. மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்போ, ஜவ்வு அழுத்துகிற வலியோ ஓய்வெடுத்தால் தணியும். அழற்சியால் வரும் வலி ஓய்வில்தான் வளரும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும். காலையில் முதுகு பலகைபோல் விறைத்திருக்கும், அது இளக அரை மணிக்கு மேல் ஆகும். நாற்பத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் இருபதுகளில், எந்த நாள் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மெல்ல ஆரம்பிக்கும். வலி ஒரு வாரம் வலது புட்டத்தில், அடுத்த வாரம் இடது புட்டத்தில் என்று இடம் மாறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்த நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். 'ஆங்கிலோசிங்' என்றால் மூட்டு உறைந்து ஒட்டிப்போவது. 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்றால் முதுகெலும்பின் அழற்சி. பெயர் நோயின் கடைசிக் கட்டத்தைச் சொல்கிறது. நாம் கண்டுபிடிக்க வேண்டியது முதல் கட்டத்தை.

முதல் கட்டம் முதுகில் இல்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது, சாக்ரம். அதன் இரு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேர்கிறது. கண்ணாடி முன் திரும்பி நின்றால், இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் சிறு குழிகள் தெரியுமே, ஏறத்தாழ அந்தக் குழிகளுக்கு அடியில் இருக்கிறது அந்த மூட்டு. சாக்ரோஇலியாக் மூட்டு என்பது முழுப்பெயர், மருத்துவமனையில் எஸ்.ஐ. மூட்டு என்பார்கள். முழங்கால்போல் மடங்கி நீளும் மூட்டு அல்ல இது. உடம்பின் மேற்பாதி எடை முழுவதையும் கால்களுக்கு இறக்கி வைக்கும் இடம். ஒரு சில மில்லிமீட்டர்தான் அசையும். தசைநாரும் எலும்பும் சேரும் இடங்களைத் தேடிப்போய்த் தாக்குவது இந்த நோயின் குணம். எஸ்.ஐ. மூட்டைச் சுற்றிலும் அத்தகைய இடங்களே நிறைந்திருக்கின்றன. இவர்களில் சிலருக்குக் குதிகால் வலிப்பதும் அதே காரணத்தால்தான்.

நம் தம்பியின் உறையிலிருந்த எம்ஆர்ஐ படம் நல்ல படம். ஆனால் கீழ்முதுகுக்கு எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐயில் எஸ்.ஐ. மூட்டு சரியாக விழுவதில்லை. நான்கு ஆண்டுகளில் அவருக்கு இருமுறை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இரண்டும் நோய் இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே எடுக்கப்பட்டவை. ஜவ்வுப் பிதுக்கமோ வலியே இல்லாத பலரின் முதுகிலும் தெரிகிற ஒன்று. தேடிய இடத்தில் கிடைத்ததை நோய் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் இடுப்புக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தோம். எக்ஸ்ரேயில் எஸ்.ஐ. மூட்டைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரிப்பது வழக்கம். பூஜ்யம் என்றால் இயல்பு, ஒன்று என்றால் சந்தேகம். இரண்டில் மூட்டின் விளிம்பு ஆங்காங்கே அரித்திருக்கும், அல்லது அக்கம்பக்க எலும்பு வெளுத்துக் கெட்டிப்பட்டிருக்கும்; இடைவெளி மட்டும் மாறியிருக்காது. மூன்றில் அரிப்பு தெளிவாகத் தெரியும், இடைவெளி அகன்றோ குறுகியோ, பாதி ஒட்டியோ இருக்கும். நான்கில் மூட்டே இருக்காது. இரண்டு எலும்பும் ஒன்றாகியிருக்கும். 1984-இல் வகுத்த திருத்திய நியூயார்க் விதிகளின்படி, இரு பக்கமும் குறைந்தது இரண்டாம் தரம், அல்லது ஒரு பக்கமாவது மூன்றாம் தரம் இருக்க வேண்டும். அதோடு நோயின் அறிகுறியும் சேர்ந்தால்தான் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொல்லலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. அந்த மூட்டு வளைந்தும் சாய்ந்தும் இருப்பதால், தட்டையான படத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழும். குடலில் உள்ள காற்றும் மலமும் மேலே நிழல் போடும். ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். அதே நிபுணரிடம் ஒரு மாதம் கழித்துக் காட்டினாலும் பதில் மாறக்கூடும். இதைவிடப் பெரிய குறை, எக்ஸ்ரே காட்டுவது சேதத்தை மட்டும் என்பது. அழற்சி தொடங்கி எலும்பு அரித்து அது எக்ஸ்ரேயில் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். நம் தம்பியின் எக்ஸ்ரேயில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று என்று எழுதினார் கதிரியக்க மருத்துவர். விதிப்படி போதாது.

அடுத்தது எம்ஆர்ஐ. இந்த முறை சீட்டில் 'எஸ்.ஐ. மூட்டு' என்று குறிப்பிட்டு எழுதினேன். சாக்ரம் எலும்பு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் படத்தையும் வெட்ட வேண்டும். அப்போதுதான் இரு பக்கத்து மூட்டுகளும் முழுநீளத்துக்குத் தெரியும். இதற்கு இரண்டு வகைப் படங்கள் வேண்டும். ஒன்று கொழுப்பின் ஒளியை அணைத்து, நீரை மட்டும் வெள்ளையாகக் காட்டுவது, ஸ்டிர் என்பார்கள். மற்றொன்று எலும்பின் அமைப்பைக் காட்டுவது, டி1. கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுவது பெரும்பாலும் தேவைப்படாது. அந்தச் செலவு மிச்சம்.

ஸ்டிர் படத்தை நான் அவருக்கே கணினியில் காட்டினேன். எலும்பெல்லாம் கருஞ்சாம்பல். மூட்டுக்கோட்டை ஒட்டி, இடது பக்கத்தில் இடுப்பெலும்பிலும் சாக்ரத்திலும் ஈரச்சுவரில் பரவிய ஓதம்போல வெளிர்ந்த திட்டு. வலது பக்கத்திலும் அதைவிடச் சிறிய ஒன்று. அது எலும்பு மஜ்ஜையில் தேங்கிய அழற்சி நீர். "மூணு மணிக்கு என்னை எழுப்பறது இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த வெள்ளைத் திட்டை எப்படி நம்புவது என்பதற்கும் விதி உண்டு. மூட்டுக் குருத்தெலும்புக்கு நேர் கீழே, எலும்பின் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். ஒரே வெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டு, அல்லது ஒரே திட்டு அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் தெரிய வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் அது தீர்ப்பு ஆகாது. பிரசவித்துச் சில மாதங்களே ஆன பெண்களின் எஸ்.ஐ. மூட்டில் இதேபோல் வெள்ளை தெரியும். தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும், பாரம் சுமந்து பயிற்சி எடுக்கும் படைவீரர்களுக்கும், எந்த நோயும் இல்லாத சிலருக்கும்கூடத் தெரியும். எடையை இறக்கி வைக்கும் மூட்டு என்று முன்பு சொன்னேன் அல்லவா, சுமை கூடினாலும் எலும்பு நீர் கோக்கும். அதனால்தான் டி1 படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். விளிம்பில் எலி கடித்ததுபோல் அரிப்பு இருக்கிறதா, பழைய அழற்சி ஆறிய இடத்தில் கொழுப்பு படிந்திருக்கிறதா, திட்டு ஆழமாகப் போயிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறோம். தம்பியின் இடது மூட்டில் மூன்று அரிப்புகள் தெளிவாகத் தெரிந்தன.

படத்தில் ஒதுக்கித்தள்ள வேண்டிய இன்னொரு நோய் இருக்கிறது; நம் நாட்டில் அதை மறந்தால் ஆளையே இழக்க நேரும். காசநோய் எஸ்.ஐ. மூட்டையும் பிடிக்கும். அது பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் வரும். வெள்ளைத் திட்டு எலும்போடு நிற்காமல் பக்கத்துத் தசைக்குள் வழியும், சில சமயம் சீழ்கட்டி இருக்கும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு கூட வரும். ஒரு பக்க மூட்டு மட்டும் பழுதாகியிருந்தால், ஊசியால் திசுவோ நீரோ எடுத்துச் சோதிக்காமல் நான் அடுத்த படி எடுக்க மாட்டேன். காரணம், இந்தக் கட்டுரையின் கடைசியில் வரும் மருந்து காசநோய் உள்ளவருக்குப் போனால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும்.

இனி ரத்தப் பரிசோதனை. தம்பியின் பையில் அதுவும் ஏற்கெனவே இருந்தது. எச்எல்ஏ-பி27, பாசிட்டிவ். எங்கோ ஆய்வகத்தில் முதுகுவலிக்கான 'பேக்கேஜ்' என்று எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு தாளைப் பார்த்து அவருடைய அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எச்எல்ஏ-பி27 என்பது கிருமியும் அல்ல, நோயும் அல்ல. நம் உடம்பின் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே தூக்கிக் காட்ட ஒரு தட்டு வைத்திருக்கின்றன. காவல் செல்கள் வந்து பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று தீர்மானிக்கும். அந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், ரத்தப் பிரிவு மாறுவதுபோல. அதில் ஒரு வடிவம் பி27. ஆறாவது குரோமோசோமில் அதற்கான மரபணு இருக்கிறது. 1973-இல் லண்டனில் ஒரு குழுவும் கலிஃபோர்னியாவில் ஒரு குழுவும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டன: ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ள ஐரோப்பிய வம்சத்தவரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு பி27 இருந்தது, பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான். ஒரு நோய்க்கும் ஒரு மரபணுவுக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு மருத்துவத்தில் அபூர்வம். அந்தத் தட்டு தவறான துணுக்கைக் காட்டிக் காவலைத் தூண்டுகிறதா, அல்லது தட்டே சரியாக மடியாமல் செல்லுக்குள் குழப்பம் செய்கிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டால் கதை மாறிவிடும். பி27 உள்ளவர்கள் நூறு பேரில் ஒருவருக்கு முதல் ஐந்து பேர் வரைதான் இந்த நோய் வருகிறது. மற்றவர்கள் அப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழ்வார்கள். இது இல்லாதவர்களுக்கும் நோய் வரும். உடன்பிறந்த வகைகளிலேயே வித்தியாசம் உண்டு. பி27-இல் நூற்றுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள். தென்கிழக்கு ஆசியாவில் காணப்படும் பி27:06, இத்தாலியின் சார்டீனியாவில் காணப்படும் பி27:09 ஆகிய இரண்டுக்கும் நோயோடு பெரிய தொடர்பே தெரியவில்லை. தட்டில் ஓரிரு எழுத்து மாறியதற்கே இத்தனை வேறுபாடு. தவிர, பி27 ஒன்று மட்டும் காரணம் என்றால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். அப்படி நடப்பதில்லை. வேறு மரபணுக்களுக்கும், பெரும்பாலும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பரிசோதனையால் என்ன பயன்? யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது பயன். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற முதுகுவலியோடு நூறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்து பேருக்குத்தான் இந்த வகை நோய் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. விடிகாலையில் எழுப்பும், நடந்தால் குறையும் வலி உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், நூற்றுக்குப் பதினான்காக உயரும். அந்த வலியோடு பி27-உம் பாசிட்டிவ் என்றால் ஐம்பத்தொன்பதாக எகிறும். வலியைக் கேட்காமல் தாளை மட்டும் பார்த்தால் இந்தத் தாவல் நடக்காது. கேள்விதான் பரிசோதனைக்குப் பலம் தருகிறது. ஐம்பத்தொன்பது என்பதும் நூறு அல்ல. இன்னும் நாற்பத்தொரு பேர் மிச்சம் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் படம்.

அம்மா அடுத்து கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். "இவன் தங்கச்சிக்கும் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்? இருபத்திரண்டு வயசாகுது, மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம்." வேண்டாம் அம்மா என்றேன். தங்கைக்கு வலி இல்லை. அண்ணனுக்கு நோய் இருப்பதால் அவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பி27 இருந்தாலும்கூட ஐந்தில் நான்கு பங்கு வராமலே போகும் வாய்ப்புதான். பாசிட்டிவ் என்று தெரிந்தால் அவளுக்குக் கொடுக்கத் தடுப்பு மருந்து எதுவும் இல்லை. கல்யாணப் பேச்சில் ஒரு தாள் மட்டும் மிஞ்சும். வலி வந்தால் வரட்டும், அன்றைக்குப் பார்க்கலாம். பெண்களுக்கு இந்த நோய் வராது என்று நினைத்து, வருகிற பெண்களை ஆண்டுக்கணக்கில் அலையவிடுவதுதான் உண்மையான ஆபத்து. அதை மட்டும் மனதில் வையுங்கள் என்றேன்.

ஆய்வகம் பற்றியும் ஒன்று. இந்தப் பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும், மரபணு மாறாது. ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் செய்தால், பி7 என்ற பக்கத்து வடிவத்தைச் சில சமயம் பி27 என்று தவறாகக் காட்டிவிடும். 'தெளிவற்றது' என்று அறிக்கை வந்தால் பிசிஆர் முறையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வலியின் குணம், எம்ஆர்ஐ, மரபணு மூன்றும் ஒன்றுசேர்ந்து தம்பிக்கு நோய் உறுதியானது. எக்ஸ்ரேயில் இன்னும் முழுமையாகத் தெரியாததால் இதை ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்ற பெரிய பெயரின் கீழ் வைப்பார்கள்; ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அதன் முற்றிய வடிவம். 2009-இல் ஆசாஸ் என்ற பன்னாட்டுக் குழு இந்த ஆரம்பக் கட்டத்துக்கும் சேர்த்து விதி வகுத்தது. படத்தில் அழற்சி இருந்தால் கூடவே இன்னொரு அடையாளம் போதும்; படம் இல்லாவிட்டால் பி27-உடன் இரண்டு அடையாளங்கள் வேண்டும். கண் சிவந்து வலிப்பது, குதிகால் வலி, சொரியாசிஸ், குடல் அழற்சி போன்றவை அந்த அடையாளங்கள். அந்த விதிகள் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க எழுதப்பட்டவை. நோயாளியிடம் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக் கூட்டிப் பார்த்தால், நோய் இல்லாதவருக்கும் நோய் வந்துவிடும்.

நோய் உறுதியான அன்றே தம்பி கேட்டார்: "பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு ஊசி போட்டாங்களாம், உடனே சரியாயிடுச்சாம். எனக்கும் போடுவீங்களா?" அவர் சொன்னது பயோலாஜிக் மருந்தை. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் புரதம் அது. மாத்திரையாக விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால் ஊசி. அழற்சிக்குத் தூது போகும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு வகை. அடாலிமுமாப், எடனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் அந்த வகை. ஐஎல்-17 என்ற தூதைத் தடுப்பது இன்னொரு வகை; செக்கியூகினுமாப் அதில் ஒன்று.

முதல் நாளே ஊசி இல்லை. முதலில் வலி, அழற்சி மாத்திரைகள், முழு அளவில், தவறாமல். வலிக்கும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு 'மாத்திரை கேட்கவில்லை' என்று சொல்வது கணக்கில் வராது. நாப்ராக்ஸென் 500 மில்லிகிராம் காலை, இரவு என இரண்டு வாரம். போதவில்லை என்றால் எட்டோரிகாக்ஸிப் 90 மில்லிகிராம் இரண்டு வாரம். இப்படிக் குறைந்தது இரண்டு வகை மாத்திரைகள், மொத்தம் நான்கு வாரம். வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கூடவே தினமும் உடற்பயிற்சி. முதுகை நிமிர்த்தும், மார்பை விரிக்கும் பயிற்சிகள். நோயாளிகளில் ஒரு நல்ல பங்குக்கு இதுவே போதும், ஊசிக்கே போக வேண்டியதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோ, நாள்பட ஸ்டீராய்டோ முதுகு அழற்சிக்குப் பயன்படுவதில்லை. இவற்றை மாதக்கணக்கில் தின்றுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வேறு மூட்டுவாதத்துக்கான சீட்டு இவர்கள் கையில் கிடைத்திருக்கிறது.

நான்கு வாரம் கழித்து வந்தார். கொஞ்சம் குறைந்திருந்தது, போதவில்லை. இப்போது அளக்க வேண்டும். ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். சோர்வுக்கு 6 கொடுத்தார். முதுகுவலிக்கு 8. கை, கால் மூட்டு வலிக்கு 2. தொட்டால் வலிக்கும் இடங்களுக்கு 4. காலை விறைப்பின் கடுமைக்கு 8, அது நீடிக்கும் நேரத்துக்கு 6. கடைசி இரண்டும் விறைப்பைப் பற்றியவை என்பதால் அவற்றின் சராசரியை, அதாவது 7-ஐ, எடுத்துக்கொள்வோம். முதல் நான்கோடு கூட்டினால் 27. ஐந்தால் வகுத்தால் 5.4. இதன் பெயர் பாஸ்டாய். நாலுக்கு மேல் என்றால் நோய் வீரியமாக இருக்கிறது என்று பொருள்.

பாஸ்டாயில் ஒரு பலவீனம்: முழுக்க நோயாளி சொல்வதுதான். தூக்கமில்லாமல், மனம் சோர்ந்து, வேறு காரணத்தால் உடம்பு வலிக்கிறவருக்கும் 6 வரும். அவருக்கு ஊசி பலிக்காது. அதனால் ஆஸ்டாஸ் என்ற இன்னொரு கணக்கில், அவர் சொல்வதோடு சிஆர்பி என்ற ரத்த அழற்சி அளவையும் சேர்க்கிறார்கள். பெருக்கல், மடக்கை எல்லாம் உண்டு; கைப்பேசியிலேயே செய்துவிடலாம். தம்பியின் சிஆர்பி லிட்டருக்கு 24 மில்லிகிராம். ஆஸ்டாஸ் 4.1 வந்தது. 2.1-ஐத் தொட்டால் 'அதிகம்', 3.5-ஐத் தாண்டினால் 'மிக அதிகம்'. இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். சில ஆய்வகங்கள் சிஆர்பியை டெசிலிட்டர் கணக்கில் 2.4 என்று எழுதும். அலகைப் பார்க்காமல் அந்த 2.4-ஐ அப்படியே போட்டிருந்தால் 4.1-க்குப் பதில் 2.9 வந்திருக்கும், ஆளே வேறாகத் தெரிவார்.

ஆசாஸ் குழுவும் ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பும் 2022-இல் புதுப்பித்த பரிந்துரையில் ஊசிக்கான வாசல்கள் தெளிவாக இருக்கின்றன. நோயை வாதநோய் நிபுணர் உறுதி செய்திருக்க வேண்டும். சிஆர்பி கூடியிருப்பது, எம்ஆர்ஐயில் அழற்சி, எக்ஸ்ரேயில் சேதம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டு மாத்திரைகளை நான்கு வாரம் முறையாகப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்டாஸ் 2.1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, கொடுக்கலாம் என்று நிபுணரின் மனதும் சொல்ல வேண்டும். பி27 பாசிட்டிவ் என்பது இந்த வாசல்களில் எதிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது உதவியது. மருந்தைத் தீர்மானிக்க அது வராது.

எந்த ஊசி என்பதை உடம்பின் மற்ற இடங்கள் சொல்லும். கண்ணுக்குள் அழற்சி திரும்பத் திரும்ப வருகிறவருக்கும், குடல் அழற்சி உள்ளவருக்கும் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவை நல்லது. எடனர்செப்ட் அங்கே அவ்வளவு காக்காது. தோலில் சொரியாசிஸ் அதிகம் என்றால் ஐஎல்-17 வகை. தம்பிக்கு இரண்டு முறை கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசியிருக்கிறது. 'மெட்ராஸ் ஐ' என்று விட்டுவிட்டார். அடாலிமுமாப் என்று முடிவு செய்தோம். 2014 இறுதியில் இதன் நிகர்மருந்து இந்தியாவிலேயே தயாராகி வந்தபிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் இதைப் பற்றி யோசிக்கவே முடிந்தது.

முடிவு செய்த அன்றும் ஊசி போடவில்லை. அவருடைய அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து குணமாகியிருந்தது. நம்மில் ஏராளமானோர் உடம்பில் காசக் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கோட்டை கட்டிக் காவல் நிற்கின்றன. அந்தக் கோட்டை இடியாமல் காப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரும் பங்கு. நாம் டிஎன்எஃபை நிறுத்தினால் கோட்டை திறந்துவிடும். அப்படி விழித்தெழும் காசம் நுரையீரலோடு நிற்காமல் நிணநீர்க் கட்டி, வயிறு, மூளையுறை என்று பரவக்கூடும். எனவே நெஞ்சு எக்ஸ்ரேயும், இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். கல்லீரல் அழற்சி பி, சி, எச்ஐவி ஆகியவற்றையும் பார்த்தோம். எக்ஸ்ரே சுத்தம், இக்ரா பாசிட்டிவ். அதாவது நோய் இல்லை, கிருமி உறங்குகிறது. ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் தினமும், ஆறு மாதம். அதில் குறைந்தது ஒரு மாதம் முடிந்த பிறகே ஊசி. "இன்னும் ஒரு மாசம் மூணு மணிக்கு எழுந்து நடக்கணுமா டாக்டர்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. நடக்கணும் தம்பி என்றேன். அந்த ஒரு மாதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

ஒரு மாதம் கழித்து, முதல் ஊசியை வயிற்றுத் தோலில் எப்படிப் போடுவது என்று செவிலியர் சொல்லிக்கொடுத்தார். 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், உறையும் அறையில் அல்ல. போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்துவைக்க வேண்டும். காய்ச்சலோ சளியோ சீழோ இருந்தால் அந்த வாரம் போடாமல் முதலில் போன் செய்ய வேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இனிக் கூடாது.

பன்னிரண்டு வாரத்துக்கு முன் இந்த மருந்தைத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பன்னிரண்டாவது வாரம் அதே கேள்விகளைக் கேட்டோம். முதுகுவலி 3, விறைப்பின் நேரம் 2, சிஆர்பி 4. பாஸ்டாய் 5.4-இலிருந்து 2.1-க்கு வந்திருந்தது, ஆஸ்டாஸ் 4.1-இலிருந்து 1.8-க்கு. ஆஸ்டாஸ் 1.1 குறைந்தால் மருந்தைத் தொடரலாம் என்பது விதி. இவருக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. இளம் வயது, நோயின் காலம் குறைவு, சிஆர்பி அதிகம் என்று மூன்றும் அவருக்குச் சாதகமாக இருந்தன. குறையாமலே இருந்தவர்களுக்கு, முதலில் நோய்க்கணிப்பே சரிதானா என்று திரும்பப் பார்ப்பேன். பிறகுதான் வேறு ஊசி. இடது மூட்டில் விழுந்த மூன்று அரிப்புகளை ஊசி நிரப்பாது, அவை அப்படியேதான் இருக்கும். புதிதாக விழுவதைத் தடுக்கத்தான் இத்தனையும்.

"எவ்வளவு நாள் போடணும் டாக்டர்?" என்று கேட்டார். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி திரும்பிவிடுகிறது. அதனால் நிறுத்துவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், நன்றாக இருக்கும் நிலை பல மாதங்கள் நீடித்தால் ஊசிக்கு ஊசி இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பார்க்கலாம் என்றேன். இப்போதைக்கு இரண்டு வாரம். ஐசோனியாசிட் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அடுத்த சிஆர்பி மூன்று மாதம் கழித்து. அவர் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டார். எழுந்து போகும்போது அம்மா திரும்பி, "இப்பல்லாம் காலைல அஞ்சரைக்கு நான்தான் எழுப்பறேன்" என்றார்.